தண்ணீர் ஏறிய மனையில் ஒரு மாடி

அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். மண் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த முதல் வருஷம், ஒரு மூட்டை மணலை எட்டுச் சல்லடையில் அரித்து, ஒவ்வொரு தட்டிலும் தங்கியதை நிறுத்துப் பார்த்துவிட்டு, "இதுல எங்கயோ ரெண்டு கிராம் காணாமப் போயிருக்கு" என்று மறுபடியும் முதலிலிருந்து அரித்தாளாம். அன்றைக்கு வைத்த பெயர். கல்யாணமாகி, குழந்தை பெற்று, கூடத்துக்கே தலைமைப் பொறியாளராக ஆன பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அவளும் அதை விரட்டவில்லை. யாராவது தொலைபேசியில், "சல்லடை மேடம் இருக்காங்களா?" என்று தயங்கிக் கேட்டால், "இருக்கேன், அரிக்க என்ன கொண்டு வந்தீங்க?" என்பாள்.

உண்மையில் அவள் பாலம் கட்டத்தான் படித்தாள். வேலை கிடைத்ததோ பாலத்துக்கு அடியில் இருக்கும் மண்ணைப் பார்க்க. முதலில் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் நன்றாகக் காய்ந்த மணலைக் கையில் அள்ளி மேசையில் கொட்டிப் பார்த்தாள். எவ்வளவு மெதுவாகக் கொட்டினாலும், எவ்வளவு கொட்டினாலும், குவியல் ஒரே சரிவில்தான் நின்றது. அதற்கு மேல் செங்குத்தாக நிற்க மறுத்தது. ஒரு கைப்பிடி மணலுக்கு இவ்வளவு பிடிவாதமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதிலிருந்து மணலோடு அவளுக்கு ஒரு நேசம்.

வீட்டுக்காரர் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். ஊர் முழுக்க அவர் போட்ட மூக்குக்கண்ணாடிதான். பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் கண்ணாடியின் காதுக்கம்பியைப் பார்ப்பார். கோணலாக இருந்தால் பேச்சின் நடுவிலேயே கழற்றி வாங்கி நிமிர்த்திக் கொடுப்பார். அவருக்கு ஒரே தங்கை. இவளுக்கு நாத்தனார்.

நாத்தனார் தையல்காரி. கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அண்ணனைவிடக் குரல் பெரிது, கோபம் பெரிது, மனசும் பெரிது. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்று ஊர் சொல்லும் சொலவடையெல்லாம் இந்த வீட்டில் செல்லுபடியாகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு அவரைத்தான் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு மாசம் பேசாமல் இருந்தார்கள் என்றால் விஷயம் லேசுப்பட்டதாக இருக்க முடியாது. அந்தக் கதைதான் இது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் ஊரின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு மனை வாங்கினாள். கால் வைத்தால் புதையும் மணல் பூமி. தையல்கூடம் கட்ட வேண்டும். அஸ்திவாரத்தை அண்ணிதான் போட்டுத் தர வேண்டும் என்றாள். சல்லடை துளைக்கருவியைக் கொண்டுபோய் இறக்கினாள். கம்பி நீளம் தீரும்வரை இறங்கியும் தண்ணீர் கண்ணில் படவில்லை. வெறும் மணல்தான். ஓரளவு இறுகிய, நல்ல மணல்.

சுவருக்குச் சுவர் நீளவாக்கில் ஓடும் அஸ்திவாரம், ஆழம் ஒரு மீட்டர், அகலமும் ஒரு மீட்டர் என்று வரைந்து கொடுத்தாள்.

அப்போது கட்டிய மேஸ்திரி வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "எதுக்கும்மா இவ்வளவு அகலம்? அகலக்கால் வைக்காதேன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்களே."

"அது செலவு பண்றவங்களுக்குச் சொன்னது மேஸ்திரி. மணல்ல நிக்கிறவன் அகலக்கால்தான் வைக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே கட்டினார். வரைபடத்தின் ஓரத்தில் சல்லடை தன் கையாலேயே எழுதியிருந்தாள்: பிற்காலத்தில் மேலே ஒரு தளம் கட்டலாம்.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கண்ணாடிக்காரர் ஒரு காரியம் செய்தார். ஊரின் பழைய ஏரி, குப்பையும் முள்ளும் மண்டி, ஏரி என்று சொன்னால்தான் தெரியும் என்ற நிலையில் கிடந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், கண் பரிசோதனை செய்யும் நேரத்தில், எழுத்தட்டையைக் காட்டியபடியே ஏரியைப் பற்றிப் பேசினார். நெற்றியில் கருவியை மாட்டி உட்கார வைத்திருக்கும் ஆள் எங்கே எழுந்து போவது? கேட்டுத்தான் ஆக வேண்டும். இப்படிச் சேர்த்த கூட்டத்தோடு நகராட்சிக்கு நடையாய் நடந்து, தூர் வாரி, வரத்துக்கால்வாயைத் திறந்து, உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலைக் கட்டி முடிக்கப் பல வருஷம் ஆயிற்று. ஏரி நிரம்பியது. பிறகு வருஷா வருஷம் நிரம்பியது. தூர்ந்துபோன கிணறுகளில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் தலைகாட்டியது. தாழ்ந்த பக்கத்துப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாயில் நிற்பது நின்றுபோயிற்று. தெருவில் போனால் நாலு பேர் அவரை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து, "பெரிய விஷயமா என்ன, சும்மா சொல்றாங்க" என்று மனைவியிடம் சொல்வார். சொல்லும்போது வாயெல்லாம் பல்லாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனாருக்கு இரண்டு பள்ளிக்கூடங்களின் சீருடை வேலை மொத்தமாகக் கிடைத்தது. எட்டு மெஷின் இருந்த இடத்தில் இருபது வேண்டும். துணிச்சுருள்கள் ஏற்கெனவே நடக்க வழியில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தன. "மாடி எடுத்துடலாம் அண்ணி" என்றாள். "நீங்கதான் அப்பவே கட்டலாம்னு எழுதி வெச்சிருக்கீங்களே. ஒரு நடை வந்து பார்த்துட்டு, சரின்னு சொல்லிட்டுப் போங்க. மேஸ்திரி செங்கல்லுக்குச் சொல்லப் போறாரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சல்லடை போனாள். அது கோடையின் கடைசி. அதே பழைய மேஸ்திரிதான். தலை மட்டும் நரைத்திருந்தது.

"அஸ்திவாரத்தை ஒரு இடத்துல திறந்து பார்த்துடுவோம்" என்றாள்.

மேஸ்திரி ஆட்களிடம் சுவர் நெடுகத் தோண்டச் சொல்லப் போனார். அவள் தடுத்தாள். "நெடுகத் தோண்டாதீங்க. பக்கத்துல இருக்கிற மண்ணுதான் அஸ்திவாரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதை எடுத்துட்டா பாரத்தோட அது தனியா நிக்கும். ஒரு ஆள் இறங்குற அளவு போதும்."

குழி இறங்கியது. மேல்மணல் வெளிறிக் கொட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் ஆழத்துக்குப் பிறகு கறுத்தது. கடைசியில் அஸ்திவாரத்தின் அடிக்கல் விளிம்பு தெரிந்தது. பார்க்கக் கட்டு உறுதியாக இருந்தது. ஆள் இன்னும் ஒரு கூடை அள்ளினான். மண்வெட்டி பட்ட இடத்தில் மணல் பளபளத்தது. ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்து, குழியின் அடியில் ஒரு தட்டு அளவுக்குத் தேங்கிப் பளிச்சென்று வானத்தைக் காட்டியது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்களே, இங்கே வெறும் குழி வெட்டினதற்கே கிணறு கிளம்பிவிட்டது.

சல்லடை குழிக்குள் இறங்கி அளந்தாள். அடிக்கல்லுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். அதுவும் கோடைக் கடைசியில். கோலைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அளந்தாள். பயமில்லை. தெரிந்த ஒருவரை எதிர்பாராத இடத்தில் பார்த்தால் ஒரு திகைப்பு வருமே, அது.

அடுத்த வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தாள். உறையில் பாசிக்கோடு இன்றைய மட்டத்துக்கு மேல் தொடையளவு உயரத்தில் பச்சையாக ஓடியது. "மழைக்காலத்துல அங்க வரைக்கும் நிக்கும்" என்று அந்த வீட்டுக்காரம்மா பெருமையாகச் சொன்னாள். "எல்லாம் உங்க வீட்டுக்காரர் புண்ணியம்."

அன்றைக்கு நாத்தனாரிடம், "கணக்குப் போட்டுட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

கணக்கு பெரிதில்லை. மணலில் நிற்கும் நீள அஸ்திவாரத்துக்குத் தாங்குசக்தி இரண்டு இடத்திலிருந்து வருகிறது. பக்கவாட்டில் அது புதைந்திருக்கும் ஆழத்துக்கு உள்ள மண்ணின் பாரம் ஒன்று. அடியில், அஸ்திவாரத்தின் அகலத்தைப் பொறுத்து, அது பெயர்த்துத் தள்ள வேண்டிய மண்ணின் எடை இன்னொன்று. இரண்டுக்கும் மூலதனம் மண்ணின் எடைதான். தண்ணீர் அடிக்கல்லுக்குக் கீழே, அஸ்திவாரத்தின் அகலமளவுக்கு மேல் ஆழத்தில் இருந்தால் இல்லாததுபோல்தான். அதற்கு மேலே ஏற ஏற அடிமண்ணின் எடை குறைந்துகொண்டே வரும். அடிக்கல்லைத் தொடும்போது அந்தப் பங்கு பாதியாகிவிடும். அதற்கும் மேலே ஏறினால் பக்கத்து மண்ணின் பங்கிலும் கை வைக்கும்.

அவள் பழைய எண்ணை எடுத்தாள். அப்போது, மண் தாங்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஏற்றுவது என்று மூன்று மடங்கு காப்பு வைத்துப் பார்த்தபோது, மீட்டர் நீளத்துக்குப் பதினேழு டன்னுக்குச் சற்று மேல் ஏற்றலாம் என்று வந்திருந்தது. இப்போது மழைக்காலப் பாசிக்கோட்டை வைத்துப் போட்டாள். பதினொன்றரை. இன்றைக்கு இருக்கும் கட்டடம் இறக்கும் பாரம் எட்டரை. அதற்கு ஒரு குறையும் இல்லை. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையுமாக மாடி எடுத்தால் இன்னொரு ஏழு சேரும். பதினைந்தரை.

பேனாவை மூடி வைத்தாள். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, தங்கச்சி வீட்டுல ஏதாவது விரிசலா?"

"இல்ல. தண்ணி வந்திருக்கு."

"அது நல்லதுதானே?" என்று மலர்ந்தார்.

"நல்லதுதான். ஆனா உங்க ஏரி உங்க தங்கச்சி மாடிய விழுங்கிடுச்சு."

விளக்கிச் சொன்னதும் அவர் ஈரக்கையோடு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏரியைத் திரும்பத் தூத்துடவா முடியும்?" என்றார். கேலியாகச் சொல்லத்தான் நினைத்தார். குரல் கேலியாக வரவில்லை.

"தூத்தா ஊரே உங்களைத் தூத்திடும். பேசாம இருங்க, நான் பார்த்துக்கிறேன்."

மறுநாள் சாயங்காலம் தையல்கூடம் கலைந்த பிறகு நாத்தனாரிடம் போனாள். எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வந்தவள், மேசையில் கிடந்த பெரிய பட்டன் தட்டைப் பார்த்ததும், "இங்க வா, ஒண்ணு காட்டுறேன்" என்றாள். மர அடிக்கோலை எடுத்து, அதன் மெல்லிய விளிம்பைப் பட்டன்களுக்குள் அழுத்தினாள். கோல் உள்ளே இறங்க, இரண்டு பக்கமும் பட்டன்கள் மேடாக எழுந்தன.

"இப்போ பட்டையா வெச்சு அழுத்து."

நாத்தனார் அழுத்தினாள். அவ்வளவு சுலபமாக இறங்கவில்லை.

"பார்த்தியா? கீழ போகணும்னா பக்கத்துல இருக்கிறதைத் தூக்கித் தள்ளணும். அகலமா இருந்தா நிறையத் தள்ளணும். இப்ப நான் ரெண்டு பக்கமும் உள்ளங்கையை வெச்சுக்கிறேன், நீ மெல்லிசு விளிம்பாலயே அழுத்து."

இறங்கவில்லை. "சரி. அதான் அன்னிக்கே ஒரு மீட்டர் அகலம் போட்டீங்க, ஒரு மீட்டர் புதைச்சீங்க" என்றாள் நாத்தனார். அவள் கற்பூரபுத்திக்காரி.

"இப்ப இந்தத் தட்டுல தண்ணி ஊத்தினா?"

"பட்டன் மிதக்கும் அண்ணி."

சல்லடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பட்டன் மிதக்கும். மணல் மிதக்காது. ஆனா கிணத்துல வாளி இழுக்கிறப்ப தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் கனம் தெரியாதே, அந்த மாதிரி. தண்ணிக்குள்ள மணலோட எடை ஏறக்குறையப் பாதி. எடை பாதின்னா, பிடிச்சுக்கிட்டு நிக்கிற பிடியும் பாதி."

"மணல் சேறாயிடும்னு சொல்றீங்களா?"

"இல்ல. மணல் மணலாத்தான் இருக்கும். வழுக்கவும் வழுக்காது. கனம் மட்டும்தான் போச்சு."

பிறகு மாடி வேண்டாம் என்றாள். நாத்தனார் கோலைக் கீழே வைத்தாள்.

"விழுந்துடுமா?"

இங்கேதான் சல்லடை ஒரு பொய் சொல்லியிருக்கலாம். 'ஆமா, விழுந்துடும்' என்றிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அவளால் முடியவில்லை.

"விழாது. மூணு மடங்கு காப்பு வைக்கிறது வழக்கம். கட்டினா அது ரெண்டு மடங்கு சொச்சமா குறையும். மழைக்காலத்துல சுவர் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமா இறங்கும், ஒரு பக்கம் கம்மியா இறங்கும். வெடிப்பு விடும். கதவு பிடிக்கும். ஒரு நாள் ஏரி இன்னும் ஏறலாம். மிச்சம் வெச்சதையெல்லாம் முதல் நாளே தின்னுட்டு உட்கார முடியாது."

"விழாதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப எதுக்குத் தடுக்கிறீங்க?" நாத்தனாரின் குரல் உயர்ந்தது. "அண்ணன் ஊருக்கெல்லாம் தண்ணி கொடுத்தாரு. நீங்க எனக்கு மட்டும் இல்லைன்னு சொல்றீங்க. நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க, கட்டலாம்னு. அந்தத் தாளைக் காட்டினா வேற எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போடுவான்."

"போடுவான். குழியைப் பார்க்காதவன் போடுவான்."

அவ்வளவுதான். பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் கண்ணாடிக்காரர் இருதலைக்கொள்ளி எறும்பானார். தங்கையிடம் போனால், "உன் பொண்டாட்டிக்கு மண்ணுதான் பெரிசு" என்பாள். வீட்டுக்கு வந்தால் மனைவி ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்காததே அவருக்குக் கேள்வியாக இருந்தது. ஏரிக்கரைப் பக்கம் நடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். யாராவது கையைப் பிடித்துப் பாராட்டினால், கையை உருவிக்கொண்டு, "கண்ணாடி கோணலா இருக்கு, கழட்டுங்க" என்பார்.

மேஸ்திரி ஒரு நாள் மண் பரிசோதனைக் கூடத்துக்கே வந்தார். பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் இன்னும் ஆழமாகத் தோண்டி, புதுசாகக் கட்டிச் சேர்த்துவிடலாமே என்பது அவர் யோசனை. "ஆழம் போனா பலம்தானேம்மா?"

"பலம்தான். ஆனா ஒரு சாண் போனா தண்ணி. குழிக்குள்ளயே மோட்டார் வெச்சு இறைச்சா என்ன ஆகும்?"

மேஸ்திரி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மணலும் சேர்ந்து பொங்கிக்கிட்டு வரும். பார்த்திருக்கேன்."

"அந்தப் பொங்கி வர்ற மணல் எங்கிருந்து வருது?"

"சுவருக்கு அடியிலிருந்து" என்று அவரே சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்து முடித்தார். "சுத்திக் குழாய் இறக்கித் தண்ணியைத் தூரத்திலேயே வத்த வெச்சுட்டுப் பண்ணலாம்தான். அந்தச் செலவுக்கு வேற மனையே வாங்கிடலாம்." போகும்போது, "தங்கச்சி கோவம் ரொம்ப நாள் நிக்காதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கோ சந்தேகம் நாத்தனாரின் கோபத்தைப் பற்றியல்ல. தான் பிடிவாதம் பிடிக்கிறோமோ என்பதுதான். ஊரில் எத்தனை கட்டடம் இரண்டு மடங்குக் காப்போடு நிற்கவில்லை? எண்களைப் பல தடவை திருப்பிப் போட்டாள். மணல் தான் நினைத்ததைவிட இறுகியிருக்குமோ என்று, ஒரு விடுமுறை நாளில் கருவியோடு போய், நாத்தனார் பார்க்கப் பார்க்க, மனையின் மூலையில் குத்திப் பார்த்துவிட்டு வந்தாள். நாத்தனார் ஜன்னலை மூடவில்லை, வெளியே வரவும் இல்லை. மெஷின் மட்டும் கடகடவென்று ஓடியது. மணல் அதே மணல்தான்.

ஆனால் அன்றைக்குத் திறந்திருந்த ஜன்னல் வழியாக அவள் ஒன்றைப் பார்த்தாள். துணிச்சுருள்கள். கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, ஆள் உயரத்துக்கு, விறகு அடுக்கினதுபோல் கிடந்தன. நாத்தனாரின் கனவில் அவையெல்லாம் மாடிக்குப் போவதாக இருந்தது. கீழே தைப்பது, மேலே கிடங்கு. சல்லடை தெருவிலேயே நின்றுவிட்டாள்.

கீழ்த்தரை மணல்மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது. அங்கே எத்தனை சுருள் அடுக்கினாலும் அந்தப் பாரம் தரை வழியாக மண்ணுக்குப் போய்விடும், சுவருக்கு வராது. மேலே வைக்கும் ஒவ்வொரு சுருளும்தான் சுவர் வழியாக அஸ்திவாரத்துக்கு இறங்கும். கனமானது எல்லாம் கீழே இருந்துவிட்டால்? மேலே மனுஷர்களும் மெஷின்களும் மட்டும் போனால்? கூரை கான்கிரீட்டாக இல்லாமல் இரும்புச் சட்டமும் தகடுமாக இருந்தால், சுவர் செங்கல்லாக இல்லாமல் லேசான பலகையும் கண்ணாடியுமாக இருந்தால்?

வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. ஸ்கூட்டரின் இருக்கைமேல் தாளை வைத்தே போட்டாள். இரண்டரை டன். எட்டரையும் இரண்டரையும் பதினொன்று. பதினொன்றரைக்குள் அடங்கியது. இழுத்துப் பிடித்து அடங்கவில்லை, நன்றாகவே உட்கார்ந்தது.

ராத்திரி சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னாள். அவர் வாயில் வைத்ததை விழுங்கக்கூட மறந்தார். "இப்பவே போன் போடட்டுமா?"

"வேண்டாம். தகரக் கொட்டகைன்னு சொல்லி வெச்சுடுவா. கண்ணால பார்க்கணும்."

ஊரின் மறுகோடியில் புத்தகம் பைண்டிங் செய்யும் கட்டுநர் ஒருவர் அப்படி ஒரு மாடி போட்டிருந்தார். அவர் மூக்குக்கண்ணாடியும் நம்மவர் போட்டதுதான். கண்ணாடிக்காரர் தங்கையிடம், "அந்த ஆளோட கண்ணாடியைச் சரி பண்ணிக் கொடுக்கணும், கூட வா" என்று எதையோ சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். வழியிலேயே மாட்டிக்கொண்டார். ஆனாலும் நாத்தனார் திரும்பிப் போகவில்லை. சல்லடை அங்கே ஏற்கெனவே வந்து காத்துக்கொண்டிருந்தாள்.

மாடி ஏறியதும் நாத்தனார் முதலில் கூரையைப் பார்த்தாள். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து ஒரு சட்டத்தின் அகலத்தை அளந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது. பிறகு ஜன்னல் பக்கம் போனாள். இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கு ஜன்னல். வெளிச்சம் மேசைமேல் நிழலில்லாமல் விழுந்திருந்தது. கட்டுநர் அந்த வெளிச்சத்தில் மெல்லிய நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். அவள் தன் முந்தானை ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, தையலைப் பார்த்தாள். கறுப்பு நூல், கறுப்புத் துணி. ஒவ்வொரு தையலும் தெரிந்தது.

"என் கூடத்துல வேலை செய்யுற பிள்ளைங்க பகல்லயும் விளக்கு போட்டுக்கிட்டுத் தைக்குதுங்க" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"வெயில் காலத்துல சுடுமே?" இது கட்டுநரைப் பார்த்து.

"முதல் வருஷம் சுட்டுச்சு. அப்புறம் கூரைக்கு அடியில தெர்மோகோல் வெச்சு மூடினேன். எடையே இல்ல."

"மழை பெய்தா சத்தம்?"

"பெய்யும்போது கேக்கும்" என்றார் கட்டுநர். "உங்க மெஷின் சத்தத்தைவிடவா?"

நாத்தனார் அப்போதுதான் அண்ணியின் பக்கம் திரும்பினாள். "துணி எல்லாம் கீழதான் இருக்கணுமா?"

"கீழதான். மேல ஆளு, மெஷின், தைச்சு முடிச்சது. அவ்வளவுதான். ஒரு சுருள்கூட மேல அடுக்கக் கூடாது."

"வெட்டுற மேசை?"

"அது கனம். கீழ."

நாத்தனார் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். "வெட்டுறதும் துணியும் கீழ இருந்தா நல்லதுதான். சுருளைத் தூக்கிக்கிட்டுப் படி ஏற வேண்டாம். வெட்டின துண்டு மட்டும் மேல போகும். நான்தான் தலைகீழா நினைச்சிருக்கேன்." டேப்பைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "அண்ணி, அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னிக்கு எனக்கே தெரியாது. உன் ஜன்னலைப் பார்த்துதான் தோணுச்சு."

"அப்ப நான் ஜன்னலை மூடாம இருந்தது நல்லதாப் போச்சு" என்றாள் நாத்தனார். அதற்குமேல் சமாதானப் பேச்சு எதுவும் நடக்கவில்லை. கீழே இறங்கும்போது அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு முழங்கால் வலி என்பது உண்மைதான். ஆனால் பிடித்துக்கொள்ள மறுபக்கம் கைப்பிடிச் சுவரும் இருந்தது.

மழைக்கு முன்னால் மாடி எழும்பியது. செங்கல்லுக்குச் சொல்லி வைத்திருந்த மேஸ்திரி, வேலை இரும்புக்காரருக்குப் போய்விடுமே என்று முதலில் சங்கடப்பட்டார். படிக்கட்டும், தரைத்தளத்தில் வெட்டும் மேசைக்கு மேடையும், துணிக்கு ஈரம் ஏறாமல் உயர்த்திய தளமும் அவருக்கு என்று ஆனதும் தெளிந்தார். சல்லடை மனையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் துளை போட்டு மண்ணில் இறக்கி, மூடி போட்டு வைத்தாள். உள்ளே ஒரு கோலை விட்டு எடுத்தால் தண்ணீர் எவ்வளவில் நிற்கிறது என்று ஈரம் காட்டும். பார்க்கும் வேலையை நாத்தனார் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். அளப்பது என்றால் அவளுக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

மழை வலுத்த நாட்களில் காலையில் போன் வரும். "அண்ணி, இன்னிக்கு அடிக்கல்லைத் தொட்டுடுச்சு." இரண்டு நாள் கழித்து, "இன்னிக்கு மேல ஒரு சாண்." ஏரி கலங்கல் வழிந்த அன்று அவள் நேரிலேயே வந்தாள், கோலையும் கையில் எடுத்துக்கொண்டு. பாசிக்கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றுவிட்டதாம். சுவரில் ஒரு வெடிப்பும் இல்லை, கதவு எதுவும் பிடிக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். அவளைக் கேட்காமலே எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார்த்திருக்கிறாள்.

"அப்ப ஏரி ரொம்பிடுச்சுன்னு உன் அண்ணன்கிட்டச் சொல்லலாமா?" என்றாள் சல்லடை.

கண்ணாடிக்காரர் வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணும் பார்க்கப் போகல. கடைக்குத்தான் போறேன்" என்றார். கடை இடது பக்கம். அவர் வலது பக்கம் திரும்பி, ஏரிக்கரையை நோக்கி, செருப்பைக் கையில் பிடித்தபடி தண்ணீருக்குள் நடந்தார். பெண்கள் இரண்டு பேரும் அவர் தெருமுனையைத் தாண்டும்வரை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சீருடைக்குப் பாக்கெட் உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்ற பேச்சுக்குப் போனார்கள்.